கேட்டுக்கொண்டே இருப்பதா, மாறினால் சொல்வதா?

ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆற்றங்கரையில் தலைமை நீரேற்று நிலையம். அங்கிருந்து பல ஊர்களுக்குக் குழாய். வழியில் தரைமட்டத் தொட்டிகள், துணை நீரேற்று நிலையங்கள், ஊர்தோறும் மேல்நிலைத் தொட்டிகள் என்று மொத்தம் 40 இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. ஆர்டியூ என்று துறையில் சொல்கிறார்கள். தொட்டியில் நீர் எத்தனை மீட்டர், மோட்டார் ஓடுகிறதா, கரண்ட் இருக்கிறதா, குழாயில் அழுத்தம் எவ்வளவு என்பதை அது படித்து வைத்துக்கொள்ளும். கண்ட்ரோல் ரூமில் உள்ள கணினி அதை ரேடியோ வழியாகக் கேட்டு வாங்கித் திரையில் காட்டும். 40 இடங்களுக்கும் பொதுவாக ஒரே ஓர் அலைவரிசைதான். அதன் வேகம் நொடிக்கு 1200 பிட். இன்றைய கைபேசியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவுதான். ஆனால் மலையும் காடும் தாண்டி நெடுந்தூரம் பேசும் பழைய ரேடியோக்களில் இது வழக்கமான வேகம். நான் எடுத்துக்கொண்டது கணக்குப் பார்க்க வசதியான ஒரு மாதிரித் திட்டம். எண்கள் நடைமுறைக்கு ஒத்தவை.

கணினி எப்படிக் கேட்கும்? பழைய முறை, வகுப்பில் ஆசிரியர் பெயர் வாசித்து வருகை எடுப்பது போன்றது. முதல் இடத்தைக் கூப்பிடும், அது தன் நிலவரம் முழுவதையும் ஒப்பிக்கும். பிறகு இரண்டாவது, மூன்றாவது. நாற்பதாவது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. இரவு பகலாக இது நிற்காது. இதற்குப் பெயர் போலிங். இந்த வகைப் பேச்சுக்கு உலகமெங்கும் பழகிய மொழி மோட்பஸ். 1979-ல் மோடிகான் என்ற அமெரிக்க நிறுவனம் தன் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காக உருவாக்கியது. கேட்டால் மட்டுமே பதில் சொல்லும். தானாக வாய் திறக்க அதில் வழியே இல்லை.

ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்ப்போம். மோட்பஸில் ஒரு கேள்வி 8 பைட். 30 அளவீடுகள் கொண்ட பதில் 65 பைட். இரண்டும் சேர்ந்து 73 பைட். தொடக்க, முடிவு பிட்டுகளையும் சேர்த்தால் ஒரு பைட்டுக்குப் பத்து பிட். ஆக 730 பிட், 1200 வேகத்தில் 0.6 நொடி. ரேடியோவின் டிரான்ஸ்மிட்டர் முழு சக்திக்கு வர ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு நொடி பிடிக்கும். அது கேட்பவருக்கு ஒரு முறை, சொல்பவருக்கு ஒரு முறை. ஆர்டியூ யோசிக்க இன்னொரு பத்தில் ஒரு நொடி. எல்லாம் சேர்ந்து ஓர் இடத்துக்கு 0.9 நொடி. நாற்பது இடங்களுக்கு 36 நொடி. பரவாயில்லை என்று தோன்றும்.

மழை வரட்டும். நான்கு இடங்களில் கரண்ட் போய், பேட்டரியும் பலவீனமாகி, பதில் வரவில்லை. கணினி மூன்று நொடி காத்திருந்து மறுபடி கேட்கும். மூன்று முறை கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த இடத்துக்குப் போகும். செத்துப்போன ஒவ்வொரு இடமும் ஒன்பது நொடியை விழுங்குகிறது. நான்குக்கும் 36 நொடி. சுற்று 36 நொடியிலிருந்து 69 நொடியாகிவிட்டது. நிலவரம் மோசமாக இருக்கும் நேரத்தில்தான் பார்வையும் மங்குகிறது. போலிங்கின் பெரிய குறை இதுதான் என்று சில பொறியாளர்கள் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிய குறை வேறொன்று என்று படுகிறது.

அந்தத் தலைமை நீரேற்று நிலையத்துக்குக் கரண்ட் தருவது பக்கத்துத் துணை மின்நிலையத்தின் 11 கிலோவோல்ட் ஃபீடர். இரவு 2 மணி 17 நிமிடம். கம்பியில் ஒரு மரக்கிளை உரசுகிறது. ரிலே உணர்ந்து பிரேக்கரைத் திறக்கிறது. அரை நொடி கழித்துத் தானாகவே மூடுகிறது. கிளை விலகிவிட்டதால் கரண்ட் நிற்கிறது. எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துபோனது. ஆனால் அந்த அரை நொடித் தடையில் நீரேற்று நிலைய மோட்டார்கள் விழுந்துவிட்டன. கண்ட்ரோல் ரூமின் கேள்வி இதற்கு 20 நொடி முன்பு வந்தது, பிரேக்கர் மூடியிருந்தது. அடுத்த கேள்வி 16 நொடி கழித்து வந்தது, அப்போதும் மூடியேதான் இருந்தது. திரையைப் பார்ப்பவருக்கு ஃபீடரில் எதுவுமே நடக்கவில்லை. மோட்டார் மட்டும் காரணமின்றி நின்றிருக்கிறது. காலையில் ஆள் போய் மோட்டாரைப் பிரித்துப் பார்ப்பார்.

இரண்டு கேள்விகளுக்கு நடுவே நடந்து முடிந்தது போலிங்குக்குத் தெரியாது. தாமதமாகத் தெரிந்தால்கூடச் சமாளிக்கலாம், இது கடைசிவரை தெரியவே தெரியாது. அனுபவசாலிகள் இதற்கு ஒரு ஒட்டு போடுவார்கள். எத்தனை முறை டிரிப் ஆனது என்று எண்ணும் ஒரு எண்ணியை ஆர்டியூவில் வைத்து, அதையும் சேர்த்துப் படிப்பார்கள். 14 என்று இருந்தது 15 ஆனால் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரியும். எப்போது நடந்தது, மோட்டார் நிற்பதற்கு முன்பா பின்பா என்பது தெரியாது.

மாறினால் சொல்லும் முறை இங்கேதான் வேறுபடுகிறது. ஆர்டியூ தன் உள்ளீடுகளைத் தானே விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்று மாறியதும் அந்த மாற்றத்தை, அது நடந்த நேரத்தோடு, ஒரு பட்டியலில் எழுதி வைக்கும். பிரேக்கர் திறந்தது 02:17:31.248. பிரேக்கர் மூடியது 02:17:31.802. இப்படி மில்லிநொடி வரை இருக்கும். இந்தப் பதிவுகளுக்கு ஈவென்ட் என்று பெயர். கண்ட்ரோல் ரூமுக்கு அதை அனுப்பிய பிறகும் ஆர்டியூ அழித்துவிடாது. 'கிடைத்தது' என்ற ஒப்புதல் வந்தால்தான் பட்டியலிலிருந்து நீக்கும். வராவிட்டால் மறுபடி அனுப்பும். ரேடியோ ஒரு மணி நேரம் இறந்து கிடந்து பிறகு உயிர்பெற்றால், அந்த ஒரு மணி நேரத்தில் நடந்தது அத்தனையும் சரியான நேரத்தோடு வந்து சேரும். அலைவரிசை மிச்சமாவதைத்தான் இந்த முறையின் பலனாகப் பெரும்பாலும் எழுதுகிறார்கள். நடந்தது தொலையாமல் இருப்பதுதான் முதல் பலன் என்பேன்.

இந்த முறைக்கு இரண்டு மொழிகள் புகழ்பெற்றவை. ஒன்று டிஎன்பி3. கனடாவின் கால்கரியில் இருந்த வெஸ்ட்ரானிக் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கி, 1993-ல் பயனர் குழுவிடம் ஒப்படைத்தது. 2010-ல் ஐஇஇஇ 1815 என்ற தரநிலையாயிற்று. வட அமெரிக்க, ஆஸ்திரேலிய மின்துறைகளிலும் உலகின் பல குடிநீர் நிறுவனங்களிலும் அதுதான் புழங்குகிறது. மற்றொன்று ஐரோப்பாவில் வேர்விட்ட ஐஇசி 60870-5-101. அதையே இணைய வலையமைப்பில் ஓடச் செய்த 104 என்ற வடிவம் 2000-ல் வந்தது. இந்தியாவில் துணை மின்நிலையங்கள் மாநில மின்சுமை பகிர்வு மையங்களோடு பேசுவது பெரும்பாலும் இந்த 101, 104 மொழிகளில்தான். உள்விவரங்கள் வேறுபட்டாலும் இரண்டின் அடிப்படையும் ஒன்றே. நான் இங்கே டிஎன்பி3-ஐ வைத்தே சொல்கிறேன்.

நமது 40 இடங்களுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். அவசரப்பட்டு முடிவெடுத்தால் ஏமாற்றம்தான். கணினி ஒவ்வோர் இடத்திடமும் 'புதிதாக ஏதாவது உண்டா?' என்று கேட்கிறது, 'ஒன்றும் இல்லை' என்று பதில் வருகிறது என வைத்துக்கொள்வோம். இப்படிக் கேட்டு வாங்கும் மாற்றச் செய்தியும் டிஎன்பி3-ல் உண்டு. கேள்வி 24 பைட், இல்லை என்ற பதில் 17 பைட். ஒவ்வொரு செய்தியோடும் முகவரி, பிழை சோதனை எண் எல்லாம் சேர்ந்து வருவதால் ஒன்றுமில்லாத பதிலுக்கே இவ்வளவு. 41 பைட்டுக்கு 0.34 நொடி. டிரான்ஸ்மிட்டர் எழும் நேரமும் யோசிக்கும் நேரமும் முன்போலவே 0.3 நொடி. ஆக 0.64 நொடி. சுற்று 36 நொடியிலிருந்து 26 நொடிக்கு வந்தது, அவ்வளவுதான். 'மாறினால் சொல்' என்று மாற்றியதும் ரேடியோ பாதி காலியாகிவிடும் என்று சொல்லி விற்பவர்களை இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்.

நிறைய மிச்சமாவது, ஆர்டியூவே தானாகக் கூப்பிட்டால்தான். கேள்வியே கிடையாது. பிரேக்கர் திறந்தது, நேரம் இன்னது என்ற செய்தி 33 பைட், ஒப்புதல் 15 பைட். அலைவரிசை காலியாக இருந்தால் 0.7 நொடியில் வேலை முடிந்தது. 36 நொடிக்கு ஒரு முறை வாய்ப்பு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் 40 பேரும் தாங்களாகப் பேசலாம் என்றால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவதும் நடக்கும். இரண்டு செய்தியும் கெடும். 'மற்றவர் பேசுகிறாரா என்று கேட்டுவிட்டுப் பேசு' என்று ரேடியோவில் அமைக்கலாம். தொட்டியின் மேல் உள்ள ஆன்டெனாவைப் பார்த்திருப்பீர்கள், மீன் முள் போலக் கம்பிகள் வைத்தது. யாகி என்று பெயர். அது தலைமை நிலையத்தை மட்டும் குறிவைத்துத் திருப்பப்பட்டது. பக்கத்து ஊர்த் தொட்டி பேசுவது அதன் காதில் விழாது. இரண்டு தொட்டிகளும் அலைவரிசை காலி என்று நினைத்து ஒன்றாகப் பேசும். ஹவாய்த் தீவுகளை ரேடியோவால் இணைத்த அலோஹா வலையமைப்பின் காலத்திலேயே இதற்குக் கணக்கு போட்டுவிட்டார்கள். ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காத நிலையில், தோன்றியபோதெல்லாம் பேசினால், அலைவரிசையின் நேரத்தில் அதிகபட்சம் நூற்றுக்கு 18 பங்குதான் பயன்படும். அதற்கு மேல் மோதல்தான் மிஞ்சும்.

நம் திட்டம் அந்த 18-ஐத் தொடுமா என்பது ஒரே ஓர் எண்ணைப் பொறுத்தது. நீர்மட்டம் எவ்வளவு மாறினால் 'மாறியது' என்று சொல்ல வேண்டும்? பிரேக்கருக்கு இந்தக் கேள்வி இல்லை. அது திறந்திருக்கும், இல்லையென்றால் மூடியிருக்கும். நீர்மட்டமோ நொடிக்கு நொடி நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் ஓர் எல்லை வைக்கிறார்கள். கடைசியாகச் சொன்ன அளவிலிருந்து இத்தனை விலகினால் மட்டும் சொல். இதற்கு டெட்பேண்ட் என்று பெயர்.

12 மீட்டர் விட்டமுள்ள தொட்டி. அதில் 2 சென்டிமீட்டர் என்பது 2,260 லிட்டர். மணிக்கு ஒரு லட்சம் லிட்டர் வீதம் நிரம்பும்போது 81 நொடிக்கு ஒரு முறை 2 சென்டிமீட்டர் ஏறும். டெட்பேண்டை 2 சென்டிமீட்டர் என்று வைத்து, காலையில் 20 தொட்டிகள் ஒன்றாக நிரம்பினால், நான்கு நொடிக்கு ஒரு செய்தி. ஒவ்வொன்றும் 0.7 நொடி. அலைவரிசை நேரத்தில் நூற்றுக்கு 17 பங்கு. ஆபத்தான எல்லையில் வந்து நிற்கிறோம், இன்னும் ஒரு மோட்டார்கூட டிரிப் ஆகவில்லை. 5 சென்டிமீட்டர் என்று வைத்தால் பத்து நொடிக்கு ஒரு செய்தி, நூற்றுக்கு 7 பங்கு. நிம்மதி.

அந்த நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு. இரவில் யாரும் நீர் பிடிக்காத நேரத்தில் அந்தத் தொட்டியின் வெளியேற்று வால்வு மணிக்கு 500 லிட்டர் கசிகிறது. இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை 4,000 லிட்டர் போய்விட்டது. மட்டம் மூன்றரை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. டெட்பேண்ட் 5 சென்டிமீட்டர் என்பதால் ஒரு செய்திகூட வரவில்லை. கண்ட்ரோல் ரூமில் வரைபடம் நேர்கோடாகத் தெரியும். கசிவைத் தேடுபவருக்கு இரவு மட்டத்தின் மெல்லிய சரிவுதான் துப்பு. அதைத்தான் டெட்பேண்ட் வழித்துத் துடைத்துவிட்டது.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு, ஏமாந்து பார்க்காமல் விட்டுவிடுகிற இடம். விலகலை எதிலிருந்து அளப்பது? கடைசியாகச் *சொன்ன* அளவிலிருந்து என்றேன். நிரல் எழுதுபவர் தவறிப்போய், கடைசியாகப் *படித்த* அளவிலிருந்து என்று எழுதிவிட்டால்? ஆர்டியூ நொடிக்கு ஒரு முறை படிக்கிறது. 500 லிட்டர் கசிவில் ஒரு நொடியில் மட்டம் இறங்குவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு சொச்சம். இந்த நொடிக்கும் போன நொடிக்கும் இடையே 2 சென்டிமீட்டர் விலகல் ஒருநாளும் வராது. தொட்டி சொட்டின்றி வற்றும் வரை அது 'மாற்றம் இல்லை' என்றே இருக்கும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. சென்சார் இருக்கும் இடத்தில் 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரை தரும் சோதனைக் கருவியை இணைத்து, மின்னோட்டத்தை விறுவிறுவென்று மாற்றாமல் அரை மணி நேரம் எடுத்து மெல்ல நகர்த்த வேண்டும். படிப்படியாகச் செய்தி வந்தால் சரி. வராவிட்டால் இந்தக் கோளாறுதான். வேகமாகத் திருகிப் பார்த்தால் இரண்டு வகையும் செய்தி அனுப்பும், ஒன்றும் பிடிபடாது.

ஆகவே அனுபவம் உள்ளவர்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. டிஎன்பி3 ஈவென்ட்டுகளை மூன்று வகுப்பாகப் பிரிக்க வழி தருகிறது. பிரேக்கர் டிரிப், மோட்டார் நின்றது, கரண்ட் போனது, தொட்டி ஆபத்தான அளவுக்கு இறங்கியது ஆகியவற்றை முதல் வகுப்பில் வைத்து, அவை மட்டும் தானாகக் கூப்பிடட்டும் என்பார்கள். நீர்மட்ட மாற்றங்களை மூன்றாம் வகுப்பில் போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தலைமை நிலையமே கேட்டு வாங்கிக்கொள்ளும். அவை பட்டியலில் நேரத்தோடு இருப்பதால் தாமதமாக வந்தாலும் வரைபடம் கெடாது, அலைவரிசையிலும் மோதல் குறையும். முழுக்கக் கேட்பதோ முழுக்கச் சொல்வதோ இல்லாத இந்தக் கலவைதான் நல்ல திட்டங்களில் காணக் கிடைப்பது.

இனி மௌனத்தைப் பற்றி. போலிங்கில் ஓர் இடம் பதில் சொல்லவில்லையென்றால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். மாறினால் சொல்லும் முறையில், ஓர் இடம் பேசாமல் இருந்தால் அதற்கு இரண்டு பொருள் உண்டு: எல்லாம் நலமாக இருக்கிறது, அல்லது சொல்ல ஆளே இல்லை. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

செய்தி வரவில்லை என்பதை நலம் என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் கண்டது. ஃபர்ஸ்ட்எனர்ஜி நிறுவனத்தின் கண்ட்ரோல் ரூமில் பிற்பகல் 2:14-க்கு அலாரம் மென்பொருள் உறைந்துபோனது. அது உறைந்தது ஆபரேட்டர்களுக்குத் தெரியாது. 2:27-க்கு 345 கிலோவோல்ட் பாதை ஒன்று டிரிப் ஆகித் தானாக மூடிக்கொண்டது. அலாரம் அடிக்கவில்லை. 2:32-க்குப் பக்கத்து மின் நிறுவனம் தொலைபேசியில் அழைத்து அதைப் பற்றிக் கேட்டது. தங்கள் திரையில் அப்படி எதுவும் இல்லையே என்பதுதான் அங்கிருந்தவர்களின் நிலை. மூன்று மணிக்கு மேல் பாதைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. 4:13-க்குள் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறத்தாழ 5 கோடிப் பேர் இருளில் இருந்தார்கள். அங்கே கெட்டது தொலைத்தொடர்பு மொழி அல்ல, அலாரம் மென்பொருள்தான். மரங்களை வெட்டாமல் விட்டது உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் 'ஏதாவது நடந்தால் சொல்லும்' என்று நம்பி உட்கார்ந்திருக்கும் எந்த அமைப்புக்கும் இந்த நோய் வரும்.

இதற்கான மருந்தை மொழிகளுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். ஐஇசி 104-ல் இணைப்பு வழக்கமாக 20 நொடி சும்மா இருந்தால், இருக்கிறாயா என்று ஒரு சோதனைச் செய்தி போகும். 15 நொடிக்குள் பதில் வராவிட்டால் இணைப்பு செத்ததாகக் கொண்டு துண்டித்துவிடும். டிஎன்பி3-ல் இதை விட முக்கியமான ஒன்று, முழு நிலவரச் சோதனை. மணிக்கு ஒரு முறையோ நாளுக்குச் சில முறையோ, தலைமை நிலையம் ஓர் இடத்திடம் மாற்றங்கள் மட்டும் போதாது, இப்போதுள்ள அத்தனை அளவுகளையும் சொல் என்று கேட்கும். ஆர்டியூ அணைந்து மீண்டும் எழுந்தாலும், 'நான் இப்போதுதான் எழுந்தேன்' என்று ஒரு குறியோடு பேசத் தொடங்கும். அதைக் கண்டதும் தலைமை நிலையம் முழு நிலவரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்.

கசிந்த தொட்டி நினைவிருக்கிறதா? காலை ஆறு மணி முழு நிலவரச் சோதனையில் டெட்பேண்ட் குறுக்கே வராது. உள்ளபடி உள்ள மட்டம் வரும். மூன்றரை சென்டிமீட்டர் இறக்கம் அப்போது வெளிப்பட்டுவிடும். அலைவரிசையை மிச்சப்படுத்துகிறேன் என்று முழு நிலவரச் சோதனையை நாளுக்கு ஒரு முறையாகக் குறைத்த இடங்களில் இப்படிப்பட்டவை அடுத்த நாள்தான் தெரியும். போலிங்கை ஒழித்துவிட்டு மாற்றச் செய்தியை வைப்பதாகப் பேசுவது தவறு. மெதுவான போலிங் ஒன்று அடியில் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

நேரத்தோடு வரும் என்பது இந்த முறையின் பெருமை என்றேன். அந்த நேரம் யாருடைய கடிகாரம் காட்டியது? 2003 இருட்டடிப்பை ஆராய்ந்தவர்கள் ஆயிரக்கணக்கான பதிவுகளை வரிசைப்படுத்தப் பெரும்பாடு பட்டார்கள். பல பதிவுக் கருவிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை. சில பதிவுகளில் இருந்தது நிகழ்ச்சி நடந்த நேரம் அல்ல, கணினிக்குச் செய்தி வந்து சேர்ந்த நேரம். கடிகாரங்களை ஒத்திசைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற பரிந்துரையும் அந்த அறிக்கையில் உண்டு. எந்தப் பாதை முதலில் விழுந்தது, எது அதன் விளைவாக விழுந்தது என்பதைக் காரணத்துக்கும் விளைவுக்குமான வித்தியாசமாகப் பார்த்தால், கடிகாரப் பிழை எவ்வளவு பெரிய பிழை என்பது புரியும்.

டிஎன்பி3-ல் ஆர்டியூ தன் கடிகாரத்தில் நம்பிக்கை இழந்தால் 'எனக்கு நேரம் வேண்டும்' என்று ஒரு குறி காட்டும். தலைமை நிலையம் நேரத்தை எழுதித் தரும். மெதுவான ரேடியோவில் அந்தச் செய்தி போய்ச் சேரும் தாமதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். துணை மின்நிலையங்களில் ஜிபிஎஸ் கடிகாரம் வைப்பதே வழி. நம் ஊரில் அடிக்கடி நடக்கும் இன்னொரு குழப்பத்தைச் சுலபமாக அடையாளம் காணலாம். டிஎன்பி3 கேட்பது உலகப் பொது நேரம். ஆர்டியூவை நிறுவியவர் இந்திய நேரத்தை வைத்துவிட்டால், ஈவென்ட்டுகள் எல்லாம் சரியாக ஐந்தரை மணி நேரம் முன்போ பின்போ தள்ளி நிற்கும். திரையில் ஈவென்ட் வந்த நேரத்துக்கும் அதன் மேல் எழுதியிருக்கும் நேரத்துக்கும் 5:30 வித்தியாசம் என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

நேரக் குறியை நம்புவதற்கு முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல இடங்களில் ஆர்டியூ டிஎன்பி3 பேசும், ஆனால் அதன் கீழே இருக்கும் மின்மீட்டரும் மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவியும் மோட்பஸ் பேசும். ஆர்டியூ அவற்றை இரண்டு நொடிக்கு ஒரு முறை கேட்டு, மாற்றம் கண்டால் அப்போது நேரம் போட்டு ஈவென்ட் ஆக்கும். மில்லிநொடி மூன்று இலக்கமும் அழகாகத் தெரியும். உண்மையில் அது இரண்டு நொடி வரை பிழைபட்ட நேரம். அந்த இரண்டு நொடிக்குள் வந்துபோனது அங்கேயும் தொலையும். மேலே இருக்கும் மொழியின் பெயரைப் பார்த்து ஏமாறாமல், கம்பி எங்கே ஆர்டியூவின் உள்ளீட்டில் நேரடியாக ஏறுகிறது, எங்கே இடையில் ஒரு போலிங் ஒளிந்திருக்கிறது என்று வரைபடத்தில் குறித்துக்கொள்வது நல்லது. டிரிப், கரண்ட் இருப்பு போன்றவற்றை நேரடிக் கம்பியாக இழுப்பதே சரி. மற்றபடி கட்டடத்துக்குள், சில மீட்டர் கம்பியில், ஐந்தாறு கருவிகளை நொடிக்குப் பல முறை படிக்க மோட்பஸ் போலிங்கைவிட எளிமையானது எதுவும் இல்லை. அங்கே அதை மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை.

இன்னும் ஒரு கோளாறு சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இந்த முறையின் உயிர்நாடியையே அடிக்கிறது. தொட்டியில் மிதவைச் சுவிட்ச் ஒன்று. நீர் விழும் அலையில் அது படபடவென்று மூடித் திறக்கிறது. ஒவ்வொன்றும் ஓர் ஈவென்ட். ஆர்டியூவின் பட்டியலில் ஐந்நூறு இடம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், சில நிமிடத்தில் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு வரும் உண்மையான டிரிப்புக்கு இடம் இல்லை, அல்லது பழைய டிரிப் தள்ளப்பட்டுவிடும். தொலையாது என்ற வாக்குறுதி அங்கே உடைகிறது. பட்டியல் நிரம்பி வழிந்தது என்பதற்கும் டிஎன்பி3-ல் ஒரு குறி உண்டு, ஒவ்வொரு பதிலோடும் வரும். அந்தக் குறியை அலாரமாக்கித் திரையில் காட்டாத கண்ட்ரோல் ரூம்கள் இருக்கின்றன. படபடக்கும் சுவிட்சுக்கு ஒரு வடிகட்டி வைத்து, சில நொடி நிலைத்து நின்றால் மட்டும் மாற்றம் என்று கொள்ளச் செய்வது ஐந்து நிமிட வேலை.

புதிய நிலையத்தை ஏற்றுக்கொள்ளும் முன் நான் செய்யச் சொல்லும் சோதனை ஒன்றுதான். ரேடியோவின் ஆன்டெனாக் கேபிளைக் கழற்றுங்கள். கண்ட்ரோல் ரூமில் அந்த நிலையம் எவ்வளவு நேரத்தில் 'தொடர்பு இல்லை' என்று நிறம் மாறுகிறது என்று பாருங்கள். மாறாமல் பழைய அளவுகள் அப்படியே பளிச்சென்று நின்றால் முதல் தோல்வி அங்கேயே. பிறகு நிலையத்தில் சோதனை நிலையில் உள்ள பிரேக்கரை ஒருமுறை திறந்து, அரை நொடியில் மூடுங்கள். மூன்று நிமிடம் விட்டு மோட்டார் தொடர்பை ஒருமுறை தட்டுங்கள். கைக்கடிகாரத்தில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்துக் கேபிளை மாட்டுங்கள். திரையில் நான்கு வரி வர வேண்டும். பிரேக்கர் திறந்தது, அரை நொடியில் மூடியது, மூன்று நிமிடம் கழித்து மோட்டார், மறுபடி மோட்டார். இரண்டு வரிதான் வந்தால் எங்கோ கீழே போலிங் ஒளிந்திருக்கிறது. நான்கு வரியும் கேபிளை மாட்டிய நிமிடத்தின் நேரத்தையே காட்டினால், ஆர்டியூ எழுதிய நேரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கண்ட்ரோல் ரூம் கணினி தன் நேரத்தைப் போடுகிறது. அந்த ஒரு அமைப்பை மாற்றச் சொல்லிவிட்டு, கேபிளை மறுபடி கழற்றி முதலிலிருந்து செய்ய வேண்டும்.